ஆனிக்கு 32 நாள், கார்த்திகைக்கு 29 நாள்: தமிழ் மாதத்தின் நீளத்தை நாமே கணக்குப் போட்டுப் பார்க்கும் முறை

கொடைக்கானல் மேல்மலையில் பூண்டு போடுகிறவர்களும் உருளை போடுகிறவர்களும் இன்னும் தமிழ்த் தேதியில்தான் பேசுவார்கள். ஆனால் "இந்த ஆனிக்கு எத்தனை நாள்?" என்று கேட்டால் காலண்டரைக் கிழித்துப் பார்த்துத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. இங்கிலீஷ் மாதம்போல விரல் முட்டியில் எண்ண முடியாது. ஒரே மாதம் ஒரு வருடம் 31, இன்னொரு வருடம் 32.

மாலை நேரத்தில் சில பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கைச் சொல்லித் தருகிறேன். எல்லோரும் தடுக்கி விழுவது ஏறக்குறைய ஒரே இடங்களில்தான். அந்த இடங்களை மனதில் வைத்துத்தான் படிகளின் வரிசையை அமைத்திருக்கிறேன். வரிசையை மாற்றாமல் செய்யுங்கள்.

## 1. கையில் இருக்க வேண்டியவை

ஒரு நோட்டு. தமிழ்த் தேதி போட்ட தினசரி காலண்டர் அல்லது பஞ்சாங்கம், 2025-26க்கு உரியது, அதாவது விசுவாவசு வருடம். கீழே ஐந்தாம் பகுதியில் இருக்கும் அட்டவணை. அவ்வளவுதான்.

கால்குலேட்டர் வேண்டாம். அது பத்தின் அடுக்கில் கணக்குப் போடும், நமக்கு வேண்டியது அறுபதின் அடுக்கு. ஒரு நாளுக்கு 60 நாழிகை, ஒரு நாழிகைக்கு 60 விநாழிகை. ஒரு நாழிகை 24 நிமிடம், ஒரு விநாழிகை 24 செகண்டு.

பல பஞ்சாங்கங்களில் விநாழிகையை "விநாடி" என்றே அச்சிட்டிருப்பார்கள். அதைச் செகண்டு என்று எடுத்துக்கொண்டால் கணக்கு அப்போதே கெட்டுவிடும். இரண்டரை விநாழிகை சேர்ந்தால்தான் ஒரு நிமிடம்.

## 2. இரண்டு நீளங்களைப் பிரித்துக்கொள்ளுங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்களுக்குப் பின்னால் எதுவும் விளங்குவதில்லை.

முதல் நீளம் வானத்தில் இருப்பது. சூரியன் ஒரு ராசிக்குள் நுழையும் நொடியிலிருந்து அடுத்த ராசிக்குள் நுழையும் நொடி வரைக்கும் ஆகும் நேரம். இது முழு நாட்களாக வராது. ஆனிக்கு 31 நாளும் ஏறத்தாழ 36½ நாழிகையும், மார்கழிக்கு 29 நாளும் ஏறத்தாழ 21 நாழிகையும். வருடத்துக்கு வருடம் இது மாறுவதும் இல்லை.

இரண்டாவது நீளம் காலண்டரில் இருப்பது. காலண்டரில் 36½ நாழிகைக்குத் தனியாக ஒரு தாள் போட முடியாது. ஒரு நாள் ஒரு மாதத்துக்கு முழுதாகச் சேர வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த மாதத்துக்குப் போக வேண்டும். வருடத்துக்கு வருடம் மாறுவது இந்த இரண்டாவது நீளம்தான்.

ஆகவே நமக்கு இரண்டு கேள்விகள். ஒன்று, வானத்து நீளம் ஏன் எல்லா மாதத்துக்கும் ஒன்றாக இல்லை? மற்றொன்று, அது எப்படி முழு நாட்களாகிறது? முதல் கேள்வியை 3, 4 ஆகிய பகுதிகளில் முடித்துவிடலாம். மிச்சமெல்லாம் இரண்டாவதற்கு.

## 3. சூரியன் ஒரே வேகத்தில் நடப்பதில்லை

ஒவ்வொரு ராசியும் வானத்தில் 30 பாகை. பன்னிரண்டும் ஒரே அளவு. தூரம் ஒன்றாக இருந்தும் நேரம் வேறுபடுகிறது என்றால் வேகம் வேறுபடுகிறது என்றுதான் அர்த்தம்.

பூமி சூரியனைச் சுற்றும் பாதை சரியான வட்டம் அல்ல, கொஞ்சம் நீண்ட வட்டம். ஜனவரி முதல் வாரத்தில் சூரியனுக்கு மிக அருகில், சுமார் 14.7 கோடி கிலோமீட்டரில் இருக்கிறோம். ஜூலை முதல் வாரத்தில் மிகத் தொலைவில், சுமார் 15.2 கோடி கிலோமீட்டரில். அருகில் வரும்போது பூமி வேகமாக ஓடுகிறது, விலகும்போது மெதுவாகிறது. வத்தலக்குண்டிலிருந்து மலை ஏறும் பஸ்ஸும் இறங்கும் பஸ்ஸும் அதே சாலையில்தான் போகின்றன, ஏறுவதற்குத்தான் நேரம் அதிகம். சூரியனின் ஈர்ப்பை எதிர்த்து விலகிப் போவது பூமிக்கு ஏற்றம்.

பூமியின் வேகம் நமக்குச் சூரியனின் வேகமாகத் தெரிகிறது. ஜூலைத் தொடக்கத்தில் சூரியன் நட்சத்திரங்களுக்கு இடையே ஒரு நாளைக்கு ஏறத்தாழ 57 கலை நகர்கிறது. ஜனவரித் தொடக்கத்தில் 61 கலை. ஒரு பாகைக்கு 60 கலை, ஆக ஒரு ராசிக்கு 1800 கலை. 1800ஐ 57ஆல் வகுத்தால் முப்பத்தொன்றரை நாளை ஒட்டி வரும். 61ஆல் வகுத்தால் இருபத்தொன்பதரை நாள்.

ஜூலை முதல் வாரம் என்பது ஆனி 20ஐ ஒட்டியது. ஜனவரி முதல் வாரம் மார்கழி 20ஐ ஒட்டியது. மிக மெதுவான நாட்கள் ஆனிக்குள் விழுவதால் அது நீளமான மாதம், மிக வேகமான நாட்கள் மார்கழிக்குள் விழுவதால் அது குட்டையான மாதம். மற்ற பத்தும் இவை இரண்டுக்கும் நடுவே இறங்கி ஏறும்.

இந்த இடத்தில் "29 நாள் என்றால் அமாவாசைக் கணக்கா?" என்று யாராவது கேட்பார்கள். இல்லை. அமாவாசைக்கு அமாவாசை இருபத்தொன்பதரை நாள் என்பது சந்திரனின் கணக்கு. நம் தமிழ் மாதத்தில் சந்திரனுக்கு வேலையே இல்லை. இரண்டிலும் 29 வருவது தற்செயல்.

## 4. நம்பாதவர்கள் சுவரில் அளந்து பார்க்கலாம்

அருகில் இருக்கும் சூரியன் பெரிதாகத் தெரிய வேண்டும் அல்லவா? தெரிகிறது, சுமார் மூன்று சதவீதம். கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில் நூறு வருடத்துக்கும் மேலாக எடுத்துவரும் சூரியப் படங்களிலும் இந்த ஏற்ற இறக்கம் இருக்கிறது. வீட்டிலும் செய்து பார்க்கலாம்.

முகம் பார்க்கும் கண்ணாடித் துண்டு ஒன்றைக் கறுப்புத் தாளால் மூடி, நடுவில் 5 மி.மீ. துளை போடுங்கள். வெயிலில் வைத்து, இருட்டான அறையில் 10 மீட்டர் தள்ளி இருக்கும் சுவரின்மேல் ஒளியைத் திருப்புங்கள். சுவரில் விழும் வட்டம் சூரியனின் பிம்பம். அதன் வெளி விளிம்பைத் தாளில் பென்சிலால் வரைந்து, தேதி போட்டு வையுங்கள். கண்ணாடியையோ சூரியனையோ நேராகப் பார்க்கக் கூடாது, சுவரைத்தான் பார்க்க வேண்டும்.

ஜனவரிப் பிம்பம் ஜூலைப் பிம்பத்தைவிட ஏறத்தாழ 3 மி.மீ. பெரிதாக இருக்கும். விளிம்பு மங்கலாகத்தான் விழும். ஆனால் இரண்டு முறையும் அதே துளை, அதே தூரம் என்றால் மங்கலும் அதே அளவாக இருக்கும், வித்தியாசம் கெடாது. ஒளி சுவரில் சாய்வாக விழுந்தால் வட்டம் முட்டை வடிவமாகிவிடும். அப்போது தாளை ஓர் அட்டைமேல் வைத்து, அதைச் சாய்த்துப் பிடித்து வட்டமாக்கிக்கொண்டு வரையுங்கள்.

ஜூலையில் மலையில் மூடுபனி விலகும் நேரத்தைப் பிடிப்பது பெரும்பாடு. ஆனால் ஜூன் 20 முதல் ஜூலை 20 வரை பிம்பத்தின் அளவு பெரிதாக மாறாது. அதற்குள் ஒரு மணி நேரம் வெயில் கிடைத்தால் போதும்.

## 5. அட்டவணையை எழுதிக்கொள்ளுங்கள்

வாக்கியப் பஞ்சாங்க முறையில் ஒவ்வொரு மாதத்துக்கும் உரிய வானத்து நீளம் இது. நாள், நாழிகை, விநாழிகை என்ற வரிசையில் படியுங்கள்.

| மாதம் | நாள்-நாழிகை-விநாழிகை |
|---|---|
| சித்திரை | 30-55-32 |
| வைகாசி | 31-24-12 |
| ஆனி | 31-36-38 |
| ஆடி | 31-28-12 |
| ஆவணி | 31-02-10 |
| புரட்டாசி | 30-27-22 |
| ஐப்பசி | 29-54-07 |
| கார்த்திகை | 29-30-24 |
| மார்கழி | 29-20-53 |
| தை | 29-27-16 |
| மாசி | 29-48-24 |
| பங்குனி | 30-20-21 |

எழுதி முடித்ததும் பன்னிரண்டையும் கூட்டிப் பாருங்கள். 365-15-31 வர வேண்டும். வராவிட்டால் எங்கோ ஓர் எண்ணைத் தவறாகப் படியெடுத்திருக்கிறீர்கள். இதைச் செய்யாமல் மேலே போகாதீர்கள், ஏனென்றால் ஒரு மாதத்தில் விழுந்த பிழை அதற்குப் பின்னால் வரும் எல்லா மாதத்துக்கும் தொடரும்.

அட்டவணையில் மிகச் சிறியது 29 நாளும் கொஞ்சமும். மிகப் பெரியது 31 நாளும் கொஞ்சமும். அந்தக் "கொஞ்சம்" விடுபட்டுப் போகலாம், அல்லது ஒரு முழு நாளாக ஏறலாம். விடுபட்டால் 29, ஏறினால் 32. 28 நாள் தமிழ் மாதமும் 33 நாள் தமிழ் மாதமும் வராததற்குக் காரணம் இதுதான்.

## 6. தொடக்க நொடி

கணக்கு தொடங்க ஒரு புள்ளி வேண்டும். விசுவாவசு வருடத்தில் சூரியன் மேஷத்துக்குள் நுழைந்தது, வாக்கியக் கணக்குப்படி, 2025 ஏப்ரல் 13 அன்று உதயத்திலிருந்து 50 நாழிகை 56 விநாழிகையில். காலை 6 மணியை உதயமாக வைத்தால் மறுநாள் விடியற்காலை 2 மணி 22 நிமிடம்.

விடியற்காலை 2 மணி என்றால் கடிகாரத்துக்கு அது ஏப்ரல் 14. பஞ்சாங்கத்துக்கு அது இன்னும் ஏப்ரல் 13தான், ஏனென்றால் அங்கே நாள் மாறுவது நள்ளிரவில் அல்ல, சூரிய உதயத்தில். புதிதாக வருகிறவர்கள் முதலில் இங்கேதான் தடுமாறுவார்கள். நோட்டில் "ஏப்ரல் 13, 50-56" என்றே எழுதுங்கள். ஏப்ரல் 14 என்று எழுதிவிட்டால் ஒரு நாள் கூடுதலாகப் போய், கடைசி வரைக்கும் கூடவே வரும்.

## 7. கூட்டும் முறை

தொடக்க நொடியோடு சித்திரையின் நீளத்தைக் கூட்டினால் வைகாசி பிறக்கும் நொடி கிடைக்கும். அதோடு வைகாசியின் நீளத்தைக் கூட்டினால் ஆனி பிறக்கும் நொடி. இப்படியே போக வேண்டியதுதான்.

ஏப்ரல் 13, 50-56. இதோடு 30-55-32. முதலில் நாட்களை மட்டும் கூட்டுங்கள்: ஏப்ரல் 13 கூட்டல் 30, மே 13. அப்புறம் நாழிகைகள்: 50-56உம் 55-32உம் சேர்ந்தால் 106-28. அறுபதைத் தாண்டிவிட்டது. 60ஐ எடுத்து ஒரு நாளாக மாற்றுங்கள். வைகாசி பிறப்பது மே 14, 46-28.

நாளையும் நாழிகையையும் ஒரே மூச்சில் கூட்டுகிறவர்கள் இந்த அறுபதை நாளாக மாற்ற மறந்துவிடுகிறார்கள். நாள் தனி, நாழிகை தனி என்று இரண்டு தடவையாகக் கூட்டச் சொல்வது அதற்காகத்தான்.

அடுத்தது: மே 14 கூட்டல் 31, ஜூன் 14. 46-28உம் 24-12உம் 70-40. ஒரு நாள் ஏறும். ஆனி பிறப்பது ஜூன் 15, 10-40.

அதற்கு அடுத்தது: ஜூன் 15 கூட்டல் 31, ஜூலை 16. 10-40உம் 36-38உம் 47-18. அறுபதைத் தாண்டவில்லை. ஆடி பிறப்பது ஜூலை 16, 47-18.

## 8. அஸ்தமன விதி

தமிழ்நாட்டு வழக்கு இது: அஸ்தமனத்துக்கு முன் மாதம் பிறந்தால் அந்த நாளே 1ஆம் தேதி. அஸ்தமனத்துக்குப் பின் பிறந்தால் மறுநாள் 1ஆம் தேதி. பகல் சுமார் 30 நாழிகை என்பதால், 30க்குக் கீழே இருந்தால் அன்றே, மேலே இருந்தால் மறுநாள் என்று இப்போதைக்கு வைத்துக்கொள்ளலாம்.

ஆனிக்கு இதைப் போட்டுப் பாருங்கள். ஆனி பிறந்தது ஜூன் 15, 10-40, காலை பத்தேகால் மணி. அன்றே ஆனி 1. ஆடி பிறந்தது ஜூலை 16, 47-18. அது இரவு நேரம். ஆகவே ஜூலை 17தான் ஆடி 1. ஜூன் 15 முதல் ஜூலை 16 வரை எண்ணுங்கள்: 32 நாள்.

31 நாள் 36½ நாழிகை என்ற வானத்து நீளம் காலண்டரில் 32 ஆனது எப்படி என்று கவனியுங்கள். பகலில் தொடங்கி இரவில் முடிந்ததால் மிச்சமிருந்த நாழிகை அஸ்தமனக் கோட்டைத் தாண்டிவிட்டது. தாண்டாமல் இருந்திருந்தால் 31தான்.

சித்திரையும் அப்படியே. பிறந்தது ஏப்ரல் 13 இரவு, ஆகவே ஏப்ரல் 14 சித்திரை 1. வைகாசி பிறந்தது மே 14, 46-28, அதுவும் இரவு, ஆகவே மே 15 வைகாசி 1. சித்திரைக்கு 31.

இங்கே அதிகம் நடக்கும் பிழை ஒன்று உண்டு. மாதம் பிறந்த இரண்டு தேதிகளையும் கழித்து அதையே நீளம் என்று எழுதிவிடுவார்கள். ஜூன் 15க்கும் ஜூலை 16க்கும் 31 என்று வரும், காலண்டரில் 32 இருக்கும், "காலண்டர் தப்பு அண்ணா" என்று நோட்டை நீட்டுவார்கள். கழிக்க வேண்டியது பிறந்த தேதிகளை அல்ல, 1ஆம் தேதிகளை. நோட்டில் இரண்டுக்கும் தனித்தனிப் பத்தி போட்டுவிட்டால் இந்தக் குழப்பம் வராது.

## 9. முழு வருடம்

மிச்ச மாதங்களை நீங்களே போட்டுவிட்டு இதோடு ஒப்பிடுங்கள்.

| மாதம் | பிறந்த நொடி | 1ஆம் தேதி | நாட்கள் |
|---|---|---|---|
| சித்திரை | ஏப்ரல் 13, 50-56 | ஏப்ரல் 14 | 31 |
| வைகாசி | மே 14, 46-28 | மே 15 | 31 |
| ஆனி | ஜூன் 15, 10-40 | ஜூன் 15 | 32 |
| ஆடி | ஜூலை 16, 47-18 | ஜூலை 17 | 31 |
| ஆவணி | ஆகஸ்ட் 17, 15-30 | ஆகஸ்ட் 17 | 31 |
| புரட்டாசி | செப்டம்பர் 17, 17-40 | செப்டம்பர் 17 | 31 |
| ஐப்பசி | அக்டோபர் 17, 45-02 | அக்டோபர் 18 | 30 |
| கார்த்திகை | நவம்பர் 16, 39-09 | நவம்பர் 17 | 29 |
| மார்கழி | டிசம்பர் 16, 9-33 | டிசம்பர் 16 | 30 |
| தை | ஜனவரி 14, 30-26 | ஜனவரி 15 | 29 |
| மாசி | பிப்ரவரி 12, 57-42 | பிப்ரவரி 13 | 30 |
| பங்குனி | மார்ச் 14, 46-06 | மார்ச் 15 | 30 |

அடுத்த சித்திரை பிறப்பது 2026 ஏப்ரல் 14, 6-27. அன்றே சித்திரை 1. கடைசிப் பத்தியைக் கூட்டினால் 365. எந்த வருடம் போட்டாலும் இது 365 அல்லது 366 ஆக இருக்க வேண்டும். 364 என்றோ 367 என்றோ வந்தால் இங்கிலீஷ் மாதக் கடைசியைத் தாண்டும் இடத்தில் தவறு செய்திருப்பீர்கள். அநேகமாக அது பிப்ரவரியாகத்தான் இருக்கும்.

கார்த்திகையைப் பாருங்கள். வானத்தில் அது மார்கழியைவிட நீளம். காலண்டரில் அதற்கு 29, மார்கழிக்கு 30. காலண்டர் நாட்களை மட்டும் வைத்து எந்த மாதத்தில் சூரியன் வேகம் என்று முடிவு செய்யக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. கார்த்திகை அஸ்தமனத்துக்குப் பின் பிறந்து, அடுத்த மாதம் காலையில் பிறந்ததால் அதன் மிச்ச நாழிகை விடுபட்டுப் போனது. மார்கழிக்கு நேர்மாறு: காலையில் பிறந்து, மாலை கடந்து முடிந்தது.

## 10. கோட்டின்மேல் விழும் மாதம்

அட்டவணையில் தை பிறந்த நொடி 30-26. விதியில் நாம் வைத்த எல்லை 30. இந்த மாதிரி இடத்தில் "சுமார் 30" போதாது. என் கணக்கில் 28க்கும் 32க்கும் நடுவே எது விழுந்தாலும் நின்று, அந்த நாளின் பகல் அளவைப் பார்க்க வேண்டும்.

கொடைக்கானல் பக்கம் ஜூன் கடைசியில் பகல் 32 நாழிகையை நெருங்கும். ஜனவரி நடுவில் பகல் பதினொன்றரை மணி நேரத்தை ஒட்டி, 29 நாழிகைக்குள் முடிந்துவிடும். ஆகவே 30-26 என்பது ஜனவரியில் அஸ்தமனத்துக்குப் பிறகுதான். தை 1, ஜனவரி 15. அதன்படியே 2026இல் பொங்கல் விடுமுறையும் ஜனவரி 15இல் வந்தது.

திருக்கணிதம் இதே இடத்தில் வேறு பதில் தரும். அது சூரியனின் இன்றைய உண்மையான இடத்தை வைத்துப் போடுவது. அதன்படி மகரப் பிரவேசம் ஜனவரி 14 பிற்பகல் 3 மணி அளவில். அஸ்தமன விதியை அதற்குப் போட்டால் தை 1 ஜனவரி 14, மார்கழிக்கு 29 நாள்தான். ஒரே மாதம், ஒரே விதி, இரண்டு நீளம்.

மூன்று மணி நேர வித்தியாசம் எங்கிருந்து வந்தது? பழைய கணக்கு சூரியனின் வேக ஏற்ற இறக்கத்தை உண்மையைவிடச் சற்று அதிகமாக வைத்திருக்கிறது. ஆனிக்கு அது தரும் 31 நாள் 36½ நாழிகை, உண்மையில் 31 நாள் 30 நாழிகைக்குள்தான். வருடத்தின் நீளத்திலும் வாக்கியக் கணக்கு சுமார் மூன்றேகால் நிமிடம் கூடுதல். எது சரி என்ற சண்டைக்கு நான் வரவில்லை. ஆனால் வாக்கிய அட்டவணையில் திருக்கணிதத் தொடக்க நொடியைக் கூட்டாதீர்கள். நடக்கும் பிழைகளில் கண்டுபிடிக்கக் கடினமானது இதுதான், ஏனென்றால் பெரும்பாலான மாதங்களில் விடை சரியாகவே வந்துவிடும். கோட்டை ஒட்டி விழும் மாதத்தில் மட்டும் காலை வாரும்.

## 11. மலையில் அஸ்தமனத்தைக் கண்ணால் பார்க்காதீர்கள்

மேல்மலையில் ஒரு பள்ளத்தில் இருக்கும் ஊரில் ஐந்து மணிக்கே சூரியன் எதிர் மலைக்குப் பின்னால் போய்விடும். மேற்கே திறந்த முகடு ஒன்றில் நின்றால், கீழே சமவெளி வரைக்கும் பார்வை இறங்குவதால், கணக்கிட்ட நேரத்தைவிடச் சில நிமிடம் தாமதமாகத்தான் மறையும். இரண்டு ஊருக்கும் நடுவே சில கிலோமீட்டர்தான் இருக்கும். இரண்டு ஊருக்கும் இரண்டு தை 1 வைக்க முடியாது.

விதியில் சொல்லும் அஸ்தமனம் மலையே இல்லாத சமமான அடிவானத்துக்குக் கணக்கிட்டது. காலண்டரில் போட்டிருக்கும் நேரம் அதுதான். அதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

## 12. மலைக்கு அந்தப் பக்கம் விதி வேறு

மேல்மலையின் கடைசி ஊர்களிலிருந்து கேரளா எட்டும் தூரம். அங்கேயும் சூரிய மாதம்தான், ராசியும் அதேதான். ஆனால் எல்லை அஸ்தமனம் அல்ல. பகலை ஐந்தாகப் பிரித்து மூன்று பங்கு முடிவதற்குள், அதாவது சுமார் 18 நாழிகைக்குள், பிறந்தால்தான் அன்று 1ஆம் தேதி. பிற்பகல் இரண்டு மணிக்கு ஒரு மாதம் பிறந்தால் நமக்கு அன்றே 1, அவர்களுக்கு மறுநாள். மலையாளக் காலண்டரை வைத்து உங்கள் விடையைச் சரிபார்க்க வேண்டாம்.

## 13. அடுத்த வருடங்களுக்கு நகர்த்துவது

ஒவ்வொரு வருடமும் முதலிலிருந்து கூட்ட வேண்டியதில்லை. பிறந்த நொடிகளின் பத்தியில் ஒவ்வொன்றோடும் 15 நாழிகை 31 விநாழிகை கூட்டினால் அடுத்த வருடத்தின் நொடி வந்துவிடும். 60ஐத் தாண்டினால் தேதியை ஒன்று ஏற்றுங்கள். நடுவில் பிப்ரவரி 29 வந்தால், அதற்குப் பின் வரும் தேதிகளை ஒன்று இறக்குங்கள்.

ஆனியை மட்டும் எடுத்துக்கொள்வோம். 2025இல் ஜூன் 15, 10-40. 2026இல் 26-11, இன்னும் அஸ்தமனத்துக்கு முன்தான், ஆகவே மறுபடியும் ஜூன் 15. 2027இல் 41-42. கோட்டைத் தாண்டிவிட்டது. ஆனி 1 ஜூன் 16க்குப் போகிறது.

அதே 2027இல் வைகாசி பிறப்பது மே 15, 17-30. அன்றே வைகாசி 1. மே 15 முதல் ஜூன் 15 வரை 32 நாள். ஆடி பிறப்பது ஜூலை 17, 18-20. அன்றே ஆடி 1. ஆனிக்கு ஜூன் 16 முதல் ஜூலை 16 வரை 31 நாள். ஆனியிடம் இருந்த 32ஆம் நாள் அந்த வருடம் வைகாசிக்குப் போய்விடுகிறது, சூரியனின் நடை கொஞ்சம்கூட மாறாமலே.

இந்த 32ஆம் நாளுக்கு வாய்ப்பு வைகாசி, ஆனி, ஆடி மூன்றுக்கும் நன்றாகவே உண்டு. ஆவணிக்கு மிச்சம் வெறும் இரண்டு நாழிகைதான், அது அரிதாகவே வாய்க்கும். 2026இன் ஆவணியை நீங்களே போட்டுப் பாருங்கள். 15-30உடன் 15-31 சேர்ந்தால் 31-01. ஆகஸ்ட் நடுவில் பகல் எத்தனை நாழிகை என்று பார்க்காமல் அதற்கு 1ஆம் தேதி எழுதாதீர்கள்.